சந்தாவை நிறுத்த விடாமல் சுற்றவிடும் ஆப்கள்: பணத்தை நிறுத்துவது எப்படி, திரும்பக் கேட்பது எங்கே

விதி ஏற்கெனவே இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, ‘டார்க் பேட்டர்ன்’ எனப்படும் 13 வகை ஏமாற்று வேலைகளைத் தடை செய்து வழிகாட்டுதல்களை அறிவித்தது. இந்தியாவில் பொருளோ சேவையோ விற்கும் எல்லா ஆப்களையும் இணையதளங்களையும் அது கட்டுப்படுத்தும், வெளிநாட்டுக் கம்பெனியாக இருந்தாலும் சரி. 2025 ஜூனில் ஆன்லைன் கம்பெனிகள் எல்லாம் மூன்று மாதத்துக்குள் தங்கள் ஆப்பைத் தாங்களே சோதித்துக்கொள்ள வேண்டும் என்றும் ஆணையம் சொன்னது. அதன் பிறகும் மாதாமாதம் பணம் போய்க்கொண்டேதான் இருக்கிறது. விதியைத் தெரிந்துகொள்வதைவிட, எந்தக் கதவைத் தட்டினால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்வதுதான் இங்கே முக்கியம்.

வடசென்னையில் அடிக்கடி நடப்பதைப் போல ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் அம்மா. பிள்ளைக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுத்தரும் ஆப், ‘5 ரூபாய்க்கு 3 நாள்’ என்று விளம்பரம். ஜிபே திறந்தது, பின் நம்பரைப் போட்டார், 5 ரூபாய் போனது. நான்காம் நாள் 399 ரூபாய் போனது. அடுத்த மாதமும் போனது. ஆப்பை அழித்துவிட்டார், அதோடு முடிந்தது என்று நினைத்தார். இன்னும் இரண்டு மாதம் போனது. அந்த 5 ரூபாய் போக மொத்தம் 1,596 ரூபாய்.

அவர் போட்ட பின் நம்பர், 5 ரூபாய்க்கு மட்டும் போட்டது இல்லை. அது ஆட்டோபே அனுமதி. அந்த அனுமதியைத் திறந்து பார்த்தால் மூன்று விஷயம் தெரியும். மாதம் 399 என்று விளம்பரத்தில் இருந்தாலும், உச்சவரம்பு அதைவிடப் பல மடங்காக எழுதப்பட்டிருக்கலாம். முடியும் தேதி பல வருடம் தள்ளி இருக்கலாம். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்ற இடத்தில் `Monthly` என்று இல்லாமல் `As presented` என்று இருந்தால், கம்பெனி கேட்கும்போதெல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள். 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் நம்பர் கேட்காது. அதனால்தான் ஆப்பை அழித்தாலும் பணம் நிற்பதில்லை: அனுமதி ஆப்பில் இல்லை, உங்கள் வங்கிக் கணக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நிறுத்தும் பக்கத்தில் என்ன நடக்கிறது

அந்த அம்மா ஆப்பை மறுபடி ஏற்றி உள்ளே போனால், ‘சந்தாவை நிறுத்து’ என்று ஒரு பட்டன் முகப்பில் இருக்காது. புரொஃபைல், அதற்குள் செட்டிங்ஸ், அதற்குள் உதவி, அதற்குள் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள், அங்கே வெளிர் சாம்பல் எழுத்தில் ஒரு வரி. அதைத் தொட்டால் ஏன் போகிறீர்கள் என்று ஒரு பக்கம். அடுத்து அழும் குழந்தைப் படம். பெரிய பச்சைப் பட்டனில் ‘தொடர்கிறேன்’, அதன் கீழே பொடி எழுத்தில் ‘என் பிள்ளையின் படிப்பு எனக்கு முக்கியமில்லை’. மனசு கேட்காமல் பலர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். தாண்டி வந்தால் பாதி விலைக்குத் தருகிறோம் என்று ஒரு பக்கம். கடைசியில், ‘நிறுத்துவதற்கு வாடிக்கையாளர் சேவையை அழைக்கவும், திங்கள் முதல் வெள்ளி வரை 10 முதல் 6’. கடையில் நிற்கும் பெண்ணால் அந்த நேரத்தில் அரை மணி நேரம் போனில் காத்திருக்க முடியாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஒவ்வொன்றுக்கும் விதியில் பெயர் இருக்கிறது. நிறுத்தும் வழியை மறைப்பதும், அதை நீளமாகவும் சிக்கலாகவும் ஆக்குவதும் `Subscription trap`. இலவசமாகத் தருகிறேன் என்று சொல்லி அதற்கே ஆட்டோபே அனுமதி கேட்பதும் இதில்தான் வருகிறது. குற்ற உணர்ச்சியைக் கிளப்பும் வாசகம் `Confirm shaming`. ஒரு பட்டனைப் பளிச்சென்று காட்டி மற்றதை மங்கலாக்குவது `Interface interference`. புகாரில் இந்தப் பெயர்களை ஆங்கில எழுத்திலேயே அப்படியே போடுங்கள். ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று மட்டும் எழுதினால் அது சாதாரண ரீஃபண்ட் தகராறாகப் பதிவாகி, எல்லோருக்கும் அனுப்பும் ஒரே பதிலோடு மூடப்படும்.

எதை முதலில் செய்வது

அடுத்த பணம் நாளைக்கே போகிறது என்றால் முதலில் ஆட்டோபேயை வெட்டுங்கள். இரண்டு மூன்று நாள் இருந்தால் ஆதாரத்தை முதலில் எடுங்கள். காரணம், அனுமதியை ரத்து செய்ததும் சில ஆப்கள் கணக்கைப் பூட்டிவிடும், நிறுத்தும் பக்கங்களை அதன் பிறகு பார்க்க முடியாது. போனில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் போட்டுக்கொண்டு, முகப்பிலிருந்து ‘அழைக்கவும்’ என்ற கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் போங்கள். அழும் குழந்தைப் பக்கத்தைத் தனியாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

பிறகு கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல். நீளமாக வேண்டாம்: “இந்த எண்ணில் உள்ள என் சந்தாவை இன்றே ரத்து செய்கிறேன். இனி பணம் எடுக்க எனக்குச் சம்மதம் இல்லை. ஆப்பில் நிறுத்தும் வசதி மறைக்கப்பட்டிருந்தது, படம் இணைத்துள்ளேன். எடுத்த 1,596 ரூபாயைத் திருப்பித் தரவும்.” தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். ‘நீங்கள் நிறுத்தச் சொல்லவே இல்லையே’ என்று பின்னால் யாரும் பேச முடியாது.

போன் பண்ணித்தான் ஆக வேண்டும் என்று நின்றால், மின்னஞ்சல் அனுப்பிய பிறகு பண்ணுங்கள், ரெக்கார்ட் செய்யுங்கள். எதிரில் இருப்பவரின் வேலையே உங்களைத் தடுப்பதுதான். “ஒரு மாசம் `Pause` பண்ணி வைக்கிறேன் மேடம்” என்பார். சரி என்றால், அது நிறுத்தியது ஆகாது, தொடரச் சம்மதித்தது என்று அவர்கள் பக்கம் பதிவாகும். “`Pause` வேண்டாம், கேன்சல் பண்ணுங்க, டிக்கெட் நம்பர் சொல்லுங்க” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

வாடிக்கையாளர் சேவை எண்ணை கூகுளில் தேடாதீர்கள். தேடினால் முதலில் வருவது பல நேரம் மோசடிக்காரன் போட்ட எண். உங்கள் ஸ்கிரீனைத் தனக்குக் காட்டும் ஆப் ஒன்றை அவன் ஏற்றச் சொல்வான், 399 ரூபாய் பிரச்சினை முழுக் கணக்கும் காலியாவதில் முடியும். ஆப்புக்குள்ளே இருக்கும் எண்ணை மட்டும் எடுங்கள்.

ஆட்டோபேயை வெட்ட யார் தயவும் வேண்டாம். எந்த யுபிஐ ஆப்பில் பணம் போனதோ, அதில் உங்கள் புரொஃபைல் படத்தைத் தொட்டு `Autopay` என்ற இடத்துக்குப் போங்கள். ஆப்பின் பெயரே அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், நடுவில் பணம் வசூலிக்கும் கம்பெனியின் பெயரும் இருக்கலாம், தொகையையும் தேதியையும் வைத்துக் கண்டுபிடியுங்கள். திறந்ததும் `UMN` என்று நீளமான ஓர் எண் இருக்கும், அதோடு சேர்த்துப் படம் எடுங்கள். `Pause` வேண்டாம், `Cancel` அல்லது `Revoke`. அப்போது உங்கள் பின்னைக் கேட்கும். பின் போடவேண்டிய ஒரே இடம் இதுதான். நிறுத்துவதற்கு என்று சொல்லிப் பணம் கேட்கும் கோரிக்கை வந்தால் தொடாதீர்கள்.

பிளே ஸ்டோர் வழியாகச் சந்தா எடுத்திருந்தால் இடம் வேறு. பிளே ஸ்டோரில் புரொஃபைல் படம், `Payments & subscriptions`, `Subscriptions`. ஐபோனில் `Settings`, உங்கள் பெயர், `Subscriptions`. டெபிட், கிரெடிட் கார்டில் போனால், ஆன்லைனில் அனுமதியை ரத்து செய்யும் வசதியை வங்கி தந்தே ஆக வேண்டும், அதற்குக் கட்டணமும் வாங்கக் கூடாது. இது ரிசர்வ் வங்கி விதி. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்பதும் அதே விதிதான். அந்த எஸ்எம்எஸ்தான் விளம்பரங்களுக்கு நடுவில் புதைந்து கிடக்கும்.

அலுவலகச் சுற்று

வங்கிக் கவுன்டரில் “கம்பெனிய கேளுங்கம்மா” என்பார்கள். கம்பெனி, வங்கியைக் கேள் என்னும். இரண்டும் பாதி உண்மை. ரத்து செய்வதற்கு முன் போன பணத்துக்குக் கம்பெனிதான் பொறுப்பு, ரத்து செய்த பிறகும் போனால் வங்கி பதில் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது வகையில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராவிட்டால் அல்லது பதில் திருப்தி இல்லாவிட்டால், `cms.rbi.org.in` தளத்தில், வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். வங்கிக்கு எழுதாமல் நேராக அங்கே போனால் தள்ளுபடிதான். போலீஸ் நிலையமோ, சைபர் மோசடி உதவி எண் 1930-ஓ இதை எடுக்காது. பின் போட்டது நீங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள். அந்த அலைச்சல் வேண்டாம்.

கம்பெனி மசியாவிட்டால் அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம், `consumerhelpline.gov.in` தளத்திலும் பதியலாம். இது நீதிமன்றம் இல்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள், அவ்வளவுதான். ‘எங்கள் கொள்கைப்படி பணம் திரும்பத் தரப்படாது’ என்று பதில் வந்தால் புகாரை மூடிவிடுவார்கள். சோர்ந்துபோக வேண்டாம், அந்தப் பதிலும் புகார் எண்ணும் அடுத்த படிக்கு ஆதாரம். விதியைப் போட்ட மத்திய ஆணையமும் உங்கள் 1,596 ரூபாயை மீட்டுத் தருவதற்காக இருப்பதில்லை. பலரைப் பாதிக்கும் நடைமுறையைத் தடுப்பது அதன் வேலை.

பணத்தைத் தரச் சொல்லி உத்தரவு போடுவது மாவட்ட நுகர்வோர் ஆணையம். வடசென்னைக்கு சென்னை வடக்கு மாவட்ட ஆணையம் இருக்கிறது. `e-jagriti.gov.in` தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் தாக்கல் கட்டணமே இல்லை. ‘பெங்களூரு நீதிமன்றத்துக்கே அதிகாரம்’ என்று ஆப்பின் நிபந்தனையில் எழுதியிருப்பதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, நீங்கள் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போடலாம் என்கிறது. ஆதாரில் ஊர் முகவரி இருந்து, வாடகை வீட்டுக்குச் சான்று இல்லாதவர்கள் வேலை செய்யும் இடத்தைக் காட்டலாம், கடை முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கிவையுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது ‘நுகர்வோர்’ என்ற தகுதியில். வியாபாரத்துக்காக எடுத்த சேவை சட்டத்தில் வராது. ஆனால் சொந்தப் பிழைப்புக்காகத் தானே கடை நடத்துபவருக்கு விலக்கு உண்டு. எம்.சி. ரோட்டில் தனியாளாகத் தையல் கடை வைத்திருப்பவர் பில் போடும் ஆப்புக்குச் சந்தா கட்டியிருந்தால், ‘சுயதொழில் மூலம் பிழைப்புக்காக’ என்ற வரியை மனுவிலேயே எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். பணம் கணவர் கணக்கிலிருந்து போய், ஆப் மனைவி பெயரில் இருந்தால் இருவர் பெயரையும் மனுதாரராகப் போட்டுவிடுங்கள்.

மனுவோடு வங்கி ஸ்டேட்மென்டில் அந்த வரிகளை மட்டும் கோடிட்டு, மின்னஞ்சல், ஸ்கிரீன்ஷாட், `UMN` படம், 1915 புகாரின் பதில் ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணையுங்கள். கேட்பது அசல் பணமும், அலைச்சலுக்கு இழப்பீடும், செலவுத் தொகையும். வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம். பணம் பல மாதம் போயிருந்தால், முதலில் போன தேதியிலிருந்தே இரண்டு வருடத்தை எண்ணிக்கொள்ளுங்கள்.