வற்றிக்கொண்டே போகும் கூலன்ட் தொட்டி

எங்கள் வீட்டுக் காருக்கு 12 வயது. சில மாதங்களுக்கு முன்பு, ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தொட்டியில் கூலன்ட் வாரந்தோறும் குறையத் தொடங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மேல்கோட்டுக்குக் கொண்டுவருவேன். அடுத்த ஞாயிறு அது கீழ்க்கோட்டில் நிற்கும். கார் நிற்கும் தரையிலோ ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

இந்தப் புதிருக்கு விடை தேட, முதலில் ரேடியேட்டர் மூடியைப் புரிந்துகொள்ள வேண்டும். பார்ப்பதற்குச் சாதாரண மூடிதான். ஆனால் அதற்குள் எதிரெதிர்த் திசையில் திறக்கும் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. எஞ்சின் சூடாகும்போது கூலன்ட் விரிகிறது. தண்ணீரும் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவமும் கலந்த 4 லிட்டர் கலவை 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 160 மில்லி கூடுதலாகிறது. மூடிய இடத்தில் அதற்கு இடமில்லாததால் அழுத்தம் ஏறுகிறது. மூடியின் மேல் பொறித்திருக்கும் 0.9 அல்லது 1.1 என்ற எண்தான், பார் அலகில், அந்த அழுத்தத்தின் எல்லை. அதைத் தாண்டியதும் பெரிய வால்வு தூக்கிக்கொள்ள, மிகுதி சிறு குழாய் வழியே தொட்டிக்குப் போகிறது. எஞ்சின் ஆறியதும் கூலன்ட் சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகிறது; அப்போது சிறிய வால்வு திறந்து, போனதை அப்படியே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது.

அழுத்தத்தை இப்படிப் பூட்டி வைப்பதற்குக் காரணம், பிரஷர் குக்கருக்கு உள்ள அதே காரணம்தான். 1.1 மூடி தாங்கும்வரை வெறும் தண்ணீர்கூடச் சுமார் 121 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்தால் அந்த எல்லை 130-ஐ நெருங்குகிறது. சூடான எஞ்சினில் மூடியைத் திறப்பவர்கள் முகம் வெந்துபோவதும் இதனால்தான்: அழுத்தம் விட்ட நொடியில் உள்ளிருப்பது சட்டெனக் கொதித்துப் பொங்குகிறது.

ஆகவே இரவு முழுக்க ஆறிய காரில், காலையில் மூடியைத் திறந்து பார்த்தேன். ரேடியேட்டர் விளிம்புவரை நிறைந்திருந்தது, தொட்டிதான் குறைந்திருந்தது. இந்த ஒரு காட்சி பாதி விடையைச் சொல்லிவிட்டது. மூடியின் உறிஞ்சும் வால்வு நன்றாக வேலை செய்கிறது. எங்கோ இழந்ததை ரேடியேட்டர் தொட்டியிலிருந்து ஈடுகட்டிக்கொள்கிறது. நேர்மாறாக, தொட்டி நிறைந்தும் ரேடியேட்டர் குறைந்தும் இருந்திருந்தால், அந்த வால்வையோ சிறு குழாயின் வெடிப்பையோ சந்தேகித்திருக்க வேண்டும்.

மெக்கானிக் ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் போட்டிருந்த 1.1 வரை அழுத்தம் ஏற்றினார். பத்து நிமிடத்தில் முள் 0.8-க்கு இறங்கியது. டார்ச் அடித்துத் தேடியபோது வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு கசிவுத் துளையைச் சுற்றி, பச்சை நிறத்தில் உப்புப் பூத்தாற்போல ஒரு படிவம். பம்பின் சீல் தேய்ந்திருக்கிறது. அழுத்தம் இருக்கும்போது மட்டும் கசிகிறது, கசிந்தது சூட்டில் ஆவியாகிவிடுகிறது, நிறம் மட்டும் தங்குகிறது. தரை காய்ந்திருந்ததன் காரணம் இதுதான். வெளியே எங்குமே தடயம் கிடைக்காமல், எஞ்சின் ஓடும்போது தொட்டியில் தொடர்ந்து குமிழிகள் வந்திருந்தால், எஞ்சின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டியிருந்திருக்கும்.

1.3 மூடி போட்டால் சரியாகும் என்று ஒரு நண்பர் சொன்னார். அது தவறு. கசிவின் மேல் அழுத்தத்தைக் கூட்டினால் கசிவுதான் கூடும். பழைய ஹோஸ்களும் அதைத் தாங்க வேண்டும்.

என் தவறு வேறொன்று. வெளியேறியது கலவை, நான் ஊற்றியது தண்ணீர். வாரம் 200 மில்லி என்றால் 4 லிட்டரில் இருபதில் ஒரு பங்கு. பாதிக்குப் பாதியாக இருந்த கலவை பத்து வாரத்தில் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தண்ணீர் உறையாத நம் ஊரில் அது போதாதா என்று தோன்றலாம். தண்ணீர் வெப்பத்தைச் சுமப்பதில் கிளைக்காலைவிடச் சிறந்தது என்பதும் உண்மை. ஆனால் கூலன்டில் கிளைக்காலோடு துருத்தடுப்புப் பொருட்களும் இருக்கின்றன; அவையும் அதே அளவுக்கு நீர்த்துப்போகின்றன. நான் ஊற்றியது போர்வெல் தண்ணீர் வேறு. அதன் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும்.

பம்பை மாற்றி, பழையதை முழுக்க வடித்து, கனிமம் நீக்கிய தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பினோம். மறுநாள் காலை தொட்டி மறுபடி அரை விரல் குறைந்திருந்தது. திடுக்கிட்டேன். புதிதாக நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்று வெளியேறி, அந்த இடத்தைக் கூலன்ட் பிடித்துக்கொள்வதால் வரும் குறைவு அது. அதே கலவையை ஊற்றி நிலையைப் பேனாவால் குறித்து வைத்தேன். மூன்றாம் நாளிலிருந்து, எஞ்சின் ஆறிய காலை வேளைகளில், நிலை அந்தக் கோட்டிலேயே நிற்கிறது.