இன்ஃபோகிராஃபிக்: தகவற்படம்

'இன்ஃபோகிராஃபிக்' என்பது 'இன்ஃபர்மேஷன்', 'கிராஃபிக்' என்ற இரண்டு சொற்களை ஒட்டி உண்டான ஆங்கிலச் சொல். முன்பாதிக்கு 'வடிவம் கொடுத்தல்' என்ற லத்தீன் வினை மூலம். பின்பாதி கிரேக்கம், எழுதுவது, வரைவது இரண்டுக்கும் அங்கே ஒரே வினைதான். சொல் பரவியது செய்தித்தாள்களால். 1982-இல் அமெரிக்காவில் தொடங்கிய யுஎஸ்ஏ டுடே, வண்ண வானிலைப் படத்தையும் குட்டிக் குட்டிப் புள்ளிவிவரப் படங்களையும் நாள்தோறும் போட்டு இந்தப் பாணியைப் பிரபலமாக்கியது.

ஆனால் தகவலைப் படமாக்கும் வழக்கம் இந்தச் சொல்லைவிடப் பழையது. ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் 1807-இல் வெளியிட்ட, தென் அமெரிக்காவின் சிம்போராசோ மலைப் படம் நல்ல சான்று. மலையை நெடுக வெட்டிய தோற்றத்தில் வரைந்து, எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கிறதோ அங்கேயே அதன் பெயரை எழுதினார். இரு ஓரங்களிலும் அந்தந்த உயரத்தின் வெப்பம், காற்றழுத்தம் முதலியவை.

தமிழில் பலரும் 'தகவல் வரைபடம்' என்கிறார்கள். மற்ற பாடங்களில் சரி, புவியியலில் உதைக்கும். 'வரைபடம்' என்றால் புவியியல் வகுப்பில் நாடும் ஆறும் காட்டும் படம், கணக்கு வகுப்பில் எக்ஸ், ஒய் அச்சு போட்ட படம். காலநிலைப் பாடத்தில் இரண்டும் வரும். "வரைபடத்தைப் பார்" என்று வகுப்புச் சுவரில் மாட்டும் சார்ட்டில் எழுதினால் பிள்ளை எதைப் பார்க்கும்? அதனால் மொத்தப் படத்துக்குத் 'தகவற்படம்', ஊர் காட்டுவதற்கு 'நிலப்படம்', அச்சுகள் உள்ளதற்கு 'வரைபடம்' என்று பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை. 'விளக்கப்படம்' என்ற சொல்லும் உண்டு. ஆனால் கடையில் வாங்கும் எந்தச் சார்ட்டும் விளக்கப்படம்தானே.

பருவமழை பற்றிய ஒரு வகுப்பைத் தகவற்படமாக மாற்றிப் பார்ப்போம். முக்கால் மணி நேரத்தில் பேசிய எல்லாவற்றையும் சார்ட்டில் ஏற்றினால் அது பாடக்குறிப்பாகிவிடும். ஒரே கேள்வியை எடுக்கலாம்: மும்பைக்கு ஜூலையில் கொட்டும் மழை சென்னைக்கு ஏன் நவம்பரில்? நடுவில் தீபகற்பத்தின் நிலப்படம். தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போதே பெரும்பாலான மழையைக் கொடுத்துவிடுகிறது. வடகிழக்குக் காற்றோ வங்கக்கடலின் ஈரத்தோடு சென்னைக் கரைக்கு வருகிறது. இதைச் சொல்ல இரண்டு நிறத்தில் அம்புக்குறிகள் போதும். கீழே இரண்டு ஊர்களின் மாத மழை, பட்டை வரைபடங்களாக.

பிழை புகும் இடம் இந்தப் பட்டைகள்தான். மும்பையின் ஜூலை சராசரி 800 மி.மீ.க்கு மேல், சென்னையின் நவம்பர் சராசரி ஏறக்குறைய 375. ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி அளவை வைத்தால் இரண்டு உச்சப் பட்டைகளும் ஒரே உயரத்தில் நிற்கும், இரண்டு ஊரிலும் ஒரே அளவு மழை என்று பிள்ளைகள் நினைப்பார்கள். இரண்டுக்கும் 1 செ.மீ. = 50 மி.மீ. என்று வைத்தால் மும்பை 16 செ.மீ. தாண்டும், சென்னை ஏழரையில் நிற்கும். மாதத்துக்கு இரண்டரை செ.மீ. அகலம் கொடுத்தால் ஒரு வரைபடம் 30 செ.மீ.; முழுச் சார்ட்டின் நீளவாக்கில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அடங்கும்.

அப்புறம், தலைப்பில் 'காலநிலை' என்று எழுதினால் உள்ளே இருப்பது 30 ஆண்டுச் சராசரியாக இருக்க வேண்டும். ஒரே ஆண்டின் எண்களைப் போட்டால் அது அந்த ஆண்டின் வானிலைக் கதை. 2015 நவம்பரில் சென்னையில் 1,000 மி.மீ.க்கு மேல் பெய்தது. அந்த எண்ணைப் போட்டிருந்தால் சென்னைப் பட்டை 20 செ.மீ. தாண்டி மும்பையின் ஜூலையையே மிஞ்சியிருக்கும். வெள்ளத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்றால், சராசரிப் பட்டைக்கு மேல் புள்ளிக்கோட்டில் வரைந்து ஆண்டைக் குறிக்கலாம்.

நிலப்படத்தை ஜெராக்ஸில் பெரிதாக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். '1 செ.மீ. = 50 கி.மீ.' என்று அச்சிட்ட படத்தை இரண்டு மடங்காக்கினால் 1 செ.மீ.க்கு 25 கி.மீ. ஆகிவிடும், எழுத்து மட்டும் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். எழுத்தில் உள்ள அளவையை அடித்துவிட்டு, பெரிதாக்கும் முன்பே நிலப்படத்தின் ஓரத்தில் கோட்டு அளவை ஒன்றை வரைந்துவிட வேண்டும். படம் வளரும்போது கோடும் அதே விகிதத்தில் வளரும், கணக்கு தப்பாது.