நாலு ஜிபி ரேமில் முதல் குறும்படம்: எந்த எடிட்டிங் மென்பொருள்?

கல்லூரிகளில் குறும்படப் போட்டி அறிவிப்பு வந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, டாவின்சி ரிசால்வ் இலவசம்னு போட்டேன். திறக்கவே அஞ்சு நிமிஷம் ஆகுது. கிளிப்பை இழுத்து வச்சா அப்படியே நிக்குது. லேப்டாப் போச்சாண்ணே?"

லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மன்னார்குடியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிற எனக்கு, திருவாரூர், நாகை பக்கத்துப் பிள்ளைகள் கொண்டுவரும் லேப்டாப்கள் நன்றாகப் பழக்கம். பெரும்பாலும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ பள்ளியில் அரசு கொடுத்தது, இல்லையென்றால் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நாலு ஜிபி ரேம், இரண்டு கோர் பிராசசர், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, உள்ளே சுழல்கிற பழைய ஹார்டு டிஸ்க். ரிசால்வ் அருமையான மென்பொருள், அதன் இலவசப் பதிப்பும் உண்மையிலேயே இலவசம்தான். ஆனால் அது 16 ஜிபி ரேமையும் நல்ல கிராபிக்ஸ் கார்டையும் நம்பிக் கட்டப்பட்டது. லினக்ஸில் போடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அங்கே இலவசப் பதிப்பு போனில் எடுத்த சாதாரண எம்பி4 வீடியோவைத் திறக்காது.

அப்படியானால் எதைப் போடுவது? "எதில் எஃபெக்ட் அதிகம்?" என்று கேட்டுத் தேடாதீர்கள். கிளிப் எதனால் நிற்கிறது என்று புரிந்தால் விடை தானாக வரும்.

போன் கேமரா இடத்தை மிச்சம் பிடிக்க, ஒவ்வொரு பிரேமையும் முழுப் படமாக வைப்பதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் படத்தை வைத்துவிட்டு, நடுவில் வருகிற பிரேம்களுக்கு என்ன மாறியது என்பதை மட்டும் எழுதி வைக்கிறது. நீங்கள் டைம்லைனில் ஓரிடத்தைத் தொட்டால், அந்த ஒரு பிரேமைக் காட்ட லேப்டாப் முந்தைய முழுப் படத்துக்குப் போய் அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். ஹெச்.265 முறையில் பதிவானது என்றால் கணக்கு இன்னும் கனம். பிராசசர் திணறுவது இங்கேதான். அதனால் பழைய லேப்டாப்புக்கான மென்பொருளில் முதலில் பார்க்க வேண்டியது பிராக்ஸி வசதி. ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒரு சின்ன, லேசான நகல் செய்துகொண்டு, எடிட் செய்யும்போது அந்த நகலைக் காட்டி, கடைசியில் படத்தை வெளியே எடுக்கும்போது அசல் கிளிப்பையே பயன்படுத்தும் ஏற்பாடு இது. இதோடு, முன்னோட்டத்தைக் குறைந்த அளவில் ஓட்டும் வசதியும் இருந்தால் போதும்.

இரண்டும் இருக்கிற, வாட்டர்மார்க் போடாத, காசே கேட்காத மென்பொருள்களில் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது ஷாட்கட். shotcut.org தளத்தில் கிடைக்கும், திறந்த மூலம். விண்டோஸ் 64 பிட்டாக இருக்க வேண்டும், இப்போதைய பதிப்புக்கு விண்டோஸ் 10 ஆவது வேண்டும். இன்ஸ்டால் செய்யாமல் ஜிப்பை விரித்தே ஓட்டக்கூடிய பதிப்பும் இருப்பதால் கல்லூரி லேபிலும் பென் டிரைவில் கொண்டுபோய் ஓட்டலாம். எட்டு ஜிபி ரேம் இருந்து, பல அடுக்குகளில் வேலை செய்ய ஆசைப்பட்டால் கேடென்லைவ் நல்லது. அதிலும் பிராக்ஸி உண்டு, லினக்ஸில் சுகமாக ஓடும். நாலு ஜிபிக்கு ஷாட்கட்தான் என் கணிப்பு. ஆனால் ஒரு விஷயம்: ஹெச்டி வேலைக்கு எட்டு ஜிபி வேண்டும் என்றுதான் ஷாட்கட்காரர்களே சொல்கிறார்கள். நாலு ஜிபியில் ஓட்ட வேண்டுமானால் கீழே சொல்வதைச் செய்தாக வேண்டும்.

தலைஞாயிறு பக்கத்துத் தம்பி ஒருவருடைய படத்தை வைத்தே சொல்கிறேன். படத்தின் பெயர் 'கடைமடை'. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தியில் கேட்டுவிட்டு, தன் வாய்க்காலுக்கு அது எப்போது வரும் என்று காத்திருக்கிற ஒரு தாத்தா. எட்டு நிமிடப் படம், எடுத்தது 70 நிமிடம். இரண்டு போன்கள், 1080, முப்பது பிரேம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 எம்பி என்று மொத்தம் ஒன்பது ஜிபி. லேப்டாப் நான் மேலே சொன்ன அதே வகை.

கிளிப்களைப் பார்த்தபோதே ஒன்று கண்ணில் பட்டது. நண்பரின் போனில் எடுத்தவை வாட்ஸ்அப்பில் வந்திருந்தன. வாட்ஸ்அப் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும், வரப்பில் நிற்கிற தாத்தாவின் முகம் கஞ்சி போல் குழைந்திருந்தது. அசலை யூஎஸ்பி கேபிளில் எடுத்துவரச் சொன்னேன். கேபிளுக்கு வழியே இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட் என்று இணைத்து அனுப்பலாம், அப்போது சுருக்காது.

ஷாட்கட்டைத் திறந்ததும், கிளிப்பை இழுக்கும் முன்னால் மூன்று வேலை. முதல் திரையில் Video mode என்பதில் Automatic என்று இருப்பதை HD 1080p 30 fps என்று மாற்ற வேண்டும். Automatic என்று விட்டால் முதலில் வைக்கிற கிளிப்பின் அளவையே மொத்தப் படத்துக்கும் எடுத்துக்கொள்ளும். அந்த முதல் கிளிப் நெட்டுக்குத்தாக எடுத்ததாக இருந்தால் படமே நெட்டுக்குத்தாகிவிடும். அடுத்து Settings > Preview Scaling > 360p. அப்புறம் Settings > Proxy > Use Proxy. இதற்குப் பிறகு கிளிப்களை உள்ளே போட்டால் Jobs பகுதியில் நகல்கள் ஒவ்வொன்றாகத் தயாராவது தெரியும். அந்த லேப்டாப்பில் இதற்கு நேரம் பிடிக்கத்தான் செய்யும், ராத்திரி ஓடவிட்டுப் படுத்துவிடலாம். Settings-இல் GPU என்று ஏதாவது இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம். பழைய கிராபிக்ஸில் அது உதவியை விடத் தொல்லைதான் தரும்.

இவ்வளவு செய்தும் நின்று நின்று ஓடினால் Ctrl+Shift+Esc அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். CPU நூறைத் தொட்டு நிற்கிறது என்றால் ஏதோ கிளிப்புக்கு நகல் தயாராகவில்லை, அல்லது அதன்மேல் கனமான பில்டர் உட்கார்ந்திருக்கிறது. Memory தொண்ணூறைத் தாண்டி, கூடவே Disk-உம் நூறில் நிற்கிறது என்றால் ரேம் போதாமல் விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கைத் தற்காலிக ரேமாக ஓட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு பிராக்ஸி மருந்தில்லை, பிரௌசரை மூட வேண்டும். தம்பியின் லேப்டாப்பில் இருந்தது இரண்டாவது. யூடியூபில் பாடம் ஓடவிட்டுக்கொண்டே எடிட் செய்திருக்கிறார். பாடத்தைப் போனில் பார்க்கச் சொன்னதும் டைம்லைன் கைக்கு அடங்கியது.

அவர் உண்மையிலேயே பயந்தது வேறொன்றுக்கு. தாத்தா ஆறு நிமிடம் இடைவிடாமல் பேசும் காட்சியில் ஆரம்பத்தில் உதடும் குரலும் ஒட்டியிருந்தன, போகப்போக விலகி, முடிவில் டப்பிங் படம் மாதிரி ஆகிவிட்டது. காரணம், பல போன்கள் முப்பது பிரேம் என்று சொல்லிவிட்டு வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப அதை ஏற்றி இறக்குவதுதான். கிளிப்பைத் தேர்ந்து Properties பகுதியில் Frame rate எதிரே பார்த்தால் variable என்று இருக்கும். திறக்கும்போதே ஷாட்கட் இதைக் கேட்கும், பெரும்பாலோர் படிக்காமல் மூடிவிடுகிறார்கள். Properties-இல் இருக்கும் Convert பொத்தானை அழுத்தி, Good என்று தொடங்குகிற முறையைத் தேர்ந்தெடுத்தால் பிரேம் வேகம் சீரான ஒரு புதுக் கோப்பு கிடைக்கும். அது அசலைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும் என்பதால் எல்லாக் கிளிப்பையும் மாற்றாதீர்கள், டிஸ்க் நிரம்பிவிடும். பேச்சு இருக்கிற நீளமான கிளிப்களுக்கு மட்டும் போதும். வாய்க்கால், நாற்றங்கால், நாரை என்று ஐந்து விநாடிக் காட்சிகளுக்குத் தேவையே இல்லை. படப்பிடிப்பு இன்னும் முடியாதவர்கள் போன் கேமராவில் ஹெச்.265 அல்லது High efficiency video என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். ஐபோனில் Settings > Camera > Formats போய் Most Compatible.

அடுத்தது தமிழ் எழுத்து. இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் அதிகம். சில மென்பொருள்களில் தலைப்பு எழுதும் பகுதி தமிழைச் சேர்த்து எழுதத் தெரியாதது. 'கடைமடை' என்று அடித்தால் ஐகாரக் குறி எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும், கொம்பும் புள்ளியும் இடம் மாறும். எந்த மென்பொருளை எடுத்தாலும் முதல் நாளே 'கொள்ளிடம்', 'வைகறை', 'கௌரவம்' என்று மூன்று சொல் அடித்துப் பாருங்கள். ஷாட்கட்டில் Text: Simple பில்டரில் Nirmala UI எழுத்துரு வைத்தால் ஒழுங்காக வருகிறது. ஃப்ளெக்ஸ் கடையில் பயன்படுத்துகிற பாமினி வகை எழுத்துருக்கள் யூனிகோடு இல்லை, அதில் அடித்ததை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்து எங்குமே சரியாக வரவில்லை என்றால் தலைப்பைத் தனியாக ஒரு பிஎன்ஜி படமாகச் செய்து டைம்லைனில் வைத்துவிடலாம்.

வாட்டர்மார்க் சோதனையையும் அன்றே முடித்துவிட வேண்டும். இலவசம் என்று போட்டுக்கொள்ளவிட்டு, வேலை எல்லாம் முடிந்து வெளியே எடுக்கும்போது படத்தின் குறுக்கே பெயரைப் பொறித்துவிட்டுப் பணம் கேட்கிற மென்பொருள்கள் இருக்கின்றன. அந்த எடிட்டை வேறு மென்பொருளில் திறக்கவும் முடியாது, முதலிலிருந்து வெட்ட வேண்டியதுதான். முப்பது விநாடி ஏதாவது ஒட்டி, தலைப்பு வைத்து, வெளியே எடுத்து, போனில் போட்டுப் பாருங்கள். இதைத் தவிர்க்க கிராக் பதிப்புக்குப் போகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்த லேப்டாப்பில்தான் அக்காவின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் குடும்பத்தின் போட்டோக்களும் இருக்கும், வைரஸ் வந்தால் அதெல்லாமும் சேர்ந்து போகும்.

'கடைமடை'யை வெளியே எடுக்க Export பகுதியில் YouTube என்ற தயார் அமைப்பே போதுமாக இருந்தது. இரண்டு கோரில் எட்டு நிமிடப் படத்துக்கு அதைப்போலப் பல மடங்கு நேரம் ஆகும். பாட்டரி செத்த லேப்டாப்பில் நடுவில் கரண்ட் போனால், பாதியில் நின்ற எம்பி4 கோப்பு எதிலுமே திறக்காது. எடிட் செய்த .mlt கோப்பு தப்பித்துக்கொள்ளும், மறுபடி திறக்கும்போது ஷாட்கட் தானாகச் சேமித்ததை மீட்கட்டுமா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டு அதற்கு முந்தின ராத்திரி எடுங்கள். போட்டிக்கு அனுப்பிய பிறகு இடம் வேண்டுமானால் பிராக்ஸி நகல்களை அழிக்கலாம். அசல் கிளிப்களையும் .mlt கோப்பையும் ஒரே போல்டரில், பெயர் மாற்றாமல் வைத்திருங்கள். பெயர் மாறினால் அடுத்த முறை திறக்கும்போது ஷாட்கட் ஒவ்வொரு கிளிப்பையும் காணவில்லை என்று சொல்லும், அவை எங்கே இருக்கின்றன என்று நீங்கள் உட்கார்ந்து காட்ட வேண்டியிருக்கும்.