லெசன்ஸ் லேர்ன்ட்: படிப்பினை

ஒரு திட்டத்தை முடித்து ஒப்படைத்ததும், வேலை பார்த்தவர்கள் கூடி எது சரியாக வந்தது, எது சறுக்கியது, ஏன் என்று பேசி எழுதிவைப்பதைத்தான் சிங்கப்பூர் அலுவலகங்களில் ‘லெசன்ஸ் லேர்ன்ட்’ என்கிறோம். அமெரிக்கத் தரைப்படை 1985-இல் இந்தப் பெயரிலேயே ஒரு மையம் தொடங்கியது.

‘லெசன்’ லத்தீனில் வாசிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் ‘பாடம்’ வடமொழியில் ஓதுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து. அதனால் ‘கற்ற பாடங்கள்’ பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் தமிழில் பாடம் புகட்டுவது என்றால் வேறு பொருள் ஆயிற்றே! அழைப்பில் அப்படிப் போட்டால், யாருக்கோ இன்று இருக்கிறது என்று நினைத்து வருவார்கள். ‘பட்டறிவு’ அழகான சொல், ஆனால் அது பட்டவரோடு நின்றுவிடும். படாதவரும் படித்துத் தெரிந்துகொள்வதே இங்கு நோக்கம். அதற்குப் ‘படிப்பினை’தான் சரி.

நாங்கள் ஓர் அலுவலகத்தின் உள்வேலையை முடித்தபோது நடந்தது இது. ஒன்பதாம் மாடிக்கு 2.7 மீட்டர் உயரக் கண்ணாடிப் பலகைகள் வந்து இறங்கின. சரக்கு லிஃப்டில் சாய்த்தும் நுழையவில்லை, படிக்கட்டிலும் திரும்பவில்லை. வெட்டலாம் என்றால் அது டெம்பர்டு கண்ணாடி. பதப்படுத்திய பிறகு வெட்டினால் நொறுங்கிவிடும். புதிதாகச் செய்து வாங்க 12 நாள் போயிற்று.

வேலையை ஒப்படைத்த மறுவாரமே கூட்டத்தை வைத்தோம். தள்ளிப்போட்டால் ஆட்கள் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள். முதலாளி முன்னால் கேட்டால் “எல்லாம் ஓகே லா” என்பதைத் தாண்டி எதுவும் வராது. அதனால் வேறு பிரிவுக்காரர் ஒருவர் நடத்தினார். முதலில் எல்லாரும் தாளில் எழுதினார்கள், அப்புறம்தான் பேச்சு. யார் அளக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. அளவு எந்தக் கட்டத்தில் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டார். பதில் ஆர்டர் படிவத்தில் இருந்தது: சுவரின் அளவுக்கு இடம் உண்டு, போகும் வழியின் அளவுக்கு இல்லை.

எங்கள் அறிக்கையின் முதல் வரைவில், ‘கட்டட நிர்வாகத்துடன் தொடர்பை மேம்படுத்த வேண்டும்’ என்று இருந்தது. யார், எப்போது, என்ன செய்வது? ஒன்றும் தெரியாது. அதை அடித்துவிட்டு எழுதினோம்: ‘கண்ணாடி ஆர்டர் செய்யும் முன், சைட் சூப்பர்வைசர் லிஃப்டின் கதவு, உட்புறம், படிக்கட்டுத் திருப்பம் மூன்றையும் அளந்து படிவத்தில் எழுத வேண்டும். நுழையாவிட்டால் இரண்டு துண்டாக ஆர்டர் செய்ய வேண்டும்.’ அன்றே படிவத்திலும் மூன்று கட்டங்களைச் சேர்த்தோம்.

அறிக்கையில் எழுதியவுடன் அது ‘கண்டறிந்த’ படிப்பினைதான். ‘லேர்ன்ட்’ என்ற இறந்தகாலத்துக்கு இன்னும் உரிமை வரவில்லை. சில மாதம் கழித்து, எங்கள் கண்ணாடிக் கதை எதுவும் தெரியாத புது சூப்பர்வைசர் போன் செய்தார்: “அண்ணே, லிஃப்ட் கதவு 2.1 மீட்டர்தான் இருக்கு. கண்ணாடியை ரெண்டு துண்டா போட்டுடட்டுமா?”