சோடா ரின் ஏன் துள்ளுகிறது?

உப்புவெளிக் கடற்கரையில் பொறுக்கிய ஒரு மூட்டை உலர்குப்பையை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்ரிக் போத்தல், பிஸ்கட் உறை, காலி மீன்ரின், சோடா ரின் எல்லாம் மணலோடு கலந்து கிடக்கும்.

பிரிப்பு நிலையத்தில் இது முதலில் ட்ரொமலுக்குள் போகும். சற்றே சரித்து வைத்த, உடம்பெல்லாம் ஓட்டை போட்ட பெரிய உருளை அது. 2 மீற்றர் விட்டமுள்ள ட்ரொமல் நிமிடத்துக்கு 30 சுற்றை எட்டினால் குப்பை சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும்; எதுவும் சலிபடாது. அதனால் பாதி வேகத்திலோ அதற்கும் குறைவாகவோதான் ஓட்டுவார்கள். குப்பை மேலேறி, சரிந்து விழ, மணல் உதிரும். மாரியில் ஈரமணலும் சொப்பிங் பைகளும் ஓட்டைகளை அடைத்துவிடும். மணல் போகவில்லையென்றால் பின்னால் தொல்லைதான். புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு மணலில் இல்மனைற் என்ற இரும்பு கலந்த கனிமம் உண்டு; வலுவான காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, ஓடும் பட்டிக்கு மேலே தொங்கும் காந்தம் மீன்ரின்னை மேலே தூக்கிப் பக்கவாட்டில் தள்ளிவிடும். சோடா ரின் அலுமினியம்; அது அசையாது.

அதற்காகத்தான் சுழிப்போட்டப் பிரிப்பான். பட்டி முடியும் முனையில், உலோகமல்லாத ஓட்டுக்குள், வடக்கும் தெற்குமாக மாறிமாறிக் காந்தங்கள் பதித்த சுழலி நிமிடத்துக்கு 2000, 3000 சுற்று சுழலும். 12 முனைவுகள் என்றால், 3000 சுற்றில் விநாடிக்கு 300 தடவை தலைகீழாகி மீளும் காந்தப்புலத்துக்குள் ரின் இருக்கிறது. அந்த மாற்றம் ரின்னின் சுவரில் வட்டமாக மின்னோட்டத்தைத் தூண்டும். அந்த ஓட்டம் தானே ஒரு காந்தமாகிச் சுழலியோடு முட்டிக்கொள்ள, ரின் முன்னே துள்ளும். பிளாஸ்ரிக் அப்படியே கீழே விழும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்புத் தகடு.

செம்பு அலுமினியத்தைவிட நன்றாக மின்னைக் கடத்தும். ஆனாலும் மூன்று மடங்குக்கு மேல் பாரம் என்பதால் அவ்வளவு துள்ளாது. இங்கே கடத்துதிறனை அடர்த்தியால் வகுத்துத்தான் பார்க்கவேண்டும்.

இதே கணக்குத்தான் நம் ரின்னையும் கவிழ்க்கும். காலி ரின் ஏறக்குறைய 14 கிராம். அடியில் 50 மில்லிலீற்றர் சோடா மிச்சமிருந்தால் 64 கிராம். தள்ளுவது அதே விசை, கிடைக்கும் வேகமோ கால்வாசிக்கும் குறைவு. ரின் தகட்டைத் தாண்டாமல் பிளாஸ்ரிக்கோடு விழும். உள்ளே மணல் இருந்தாலும் இதே கதி. பிளாஸ்ரிக் பெட்டிக்குள் ரின்கள் தெரிந்தால் தகட்டைப் பட்டிப் பக்கம் நகர்த்திப் பார்க்கலாம். அளவு மிஞ்சினால் அலுமினியப் பெட்டிக்குள் போத்தல்கள் வந்து விழும்.

காந்தத்துக்குத் தப்பிய இரும்பு ஆணி ஒன்று இங்கே வந்தால் துள்ளாது, ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்திலேயே சூடேறிப் பட்டியைப் பொசுக்கும். மேலே தொங்கும் காந்தம் முந்தி வருவது அதனால்தான். பளபளக்கும் சிப்ஸ் பையும் அலுமினியம்தானே என்று கேட்கலாம். அதன் பூச்சின் தடிப்பு ஒரு மைக்ரோமீற்றரில் சிறு பங்கே; அதில் ஓடும் மின்னோட்டத்தால் பையை அசைக்கக்கூட முடியாது.