'ஃபுட் கிரேடு' என்று எழுதித் தந்தால் போதுமா?

சிறிய உணவகம் நடத்தும் வாசகர் ஒருவர், எவர்சில்வர் டப்பாக்கள் தரும் மொத்த வியாபாரிக்கு எழுதிய கடிதத்தின் நகலை அனுப்பி, "இது சரியா?" என்று கேட்டிருக்கிறார். கடிதத்தில் இருப்பது ஒரே கோரிக்கைதான்: "தாங்கள் அனுப்பிய பாத்திரங்கள் ஃபுட் கிரேடு என்பதற்குச் சான்று தரவும்."

இந்தக் கடிதத்துக்கு என்ன பதில் வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். லெட்டர்பேடில் 'எங்கள் பொருட்கள் அனைத்தும் ஃபுட் கிரேடு' என்று அச்சடித்து, கீழே சீல் குத்தி அனுப்புவார். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஏனென்றால் 'ஃபுட் கிரேடு' என்ற பெயரில் எந்த உருக்காலையும் எஃகு வார்ப்பதில்லை. 304, 202, 316, 430 என்று எண்களில்தான் வார்க்கிறார்கள். எந்த எண் எந்த உணவுக்குத் தாங்கும் என்பதுதான் உண்மையான கேள்வி.

இரும்புடன் சுமார் 10.5 விழுக்காட்டுக்கு மேல் குரோமியம் சேர்த்தால் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று தானாகவே உருவாகும் என்பது பள்ளிப் பாடம். அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். கரண்டி கீறினாலும் காற்றிலோ நீரிலோ இருக்கும் ஆக்சிஜனைப் பிடித்து உடனே மறுபடி மூடிக்கொள்கிறது. துருப்பிடிக்காத எஃகின் முழு ரகசியமும் இதுதான். ஆனால் நம் சமையலறையில் உப்பு இருக்கிறதே!

உப்பிலுள்ள குளோரைடு அயனி படலத்தை எல்லா இடத்திலும் தாக்குவதில்லை. பலவீனமான புள்ளியைத் தேடிப் போகிறது. எஃகில் எஞ்சிய சிறிதளவு கந்தகம் மாங்கனீஸுடன் சேர்ந்து நுண்ணிய மாங்கனீஸ் சல்ஃபைடு துகள்களாக ஆங்காங்கே பதிந்திருக்கும். அந்த இடங்களில் படலம் ஒழுங்காக மூடியிருக்காது. அங்கே ஒரு சிறு குழி விழுகிறது. குழிக்குள் இருந்த ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் படலம் மறுபடி உருவாக வழியில்லை. உலோகம் கரைந்து நேர்மின் அயனிகள் பெருகுகின்றன. அவற்றின் மின்சுமையை ஈடுகட்ட வெளியிலிருந்து இன்னும் குளோரைடு உள்ளே வருகிறது. கரைந்த குரோமியமும் இரும்பும் நீரோடு வினைபுரிந்து அமிலத்தை வெளிவிடுகின்றன. அமிலம் கூடினால் கரைதலும் வேகமாகும், கரைதல் கூடினால் அமிலமும் கூடும். வெளியே மோர் லேசாகப் புளித்திருக்க, அந்த ஊசித்துளைக்குள் மட்டும் கடுமையான அமிலம் தேங்கி நிற்கும். மேலிருந்து பார்த்தால் குண்டூசி முனையளவு கரும்புள்ளி. தகட்டுக்குள்ளே அதைவிட அகலமான பொந்து. ஊறுகாய் டப்பாவின் அடியில், கரையாத உப்பு படிந்து ஆக்சிஜன் போகாத இடத்தில், இந்தப் புள்ளிகள் முதலில் தோன்றுவது இதனால்தான்.

குழி விழாமல் காப்பதில் குரோமியத்துக்குத்தான் முதல் பங்கு. மாலிப்டினமும் நைட்ரஜனும் துணை செய்கின்றன. நிக்கல், அமிலத்தில் எஃகு கரையும் வேகத்தைக் குறைக்கிறது. 304 தகட்டில் குரோமியம் ஏறத்தாழ 18, நிக்கல் 8 விழுக்காடு. நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து, அதன் இடத்தில் மாங்கனீஸைப் போட்டுச் செய்பவைதான் 202 முதலான 200 வரிசைத் தகடுகள். சந்தையில் ஜே4 என்று புழங்கும் தகட்டில் நிக்கல் ஒரு விழுக்காட்டளவே இருக்கும், குரோமியமும் 15, 16 என்று இறங்கிவிடும். பளபளப்பில் வித்தியாசமே தெரியாது.

காந்தம் வைத்துப் பார்ப்பது வெறும் நம்பிக்கைதான். 304, 202 இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. அதோடு, நல்ல 304 தகட்டை ஆழமாக அழுத்தி டப்பாவாக்கும்போது வளைந்த மூலைகளில் அணு அடுக்கு மாறி லேசாக ஒட்டவும் செய்யும். நல்லதைத் தள்ளிவிட்டு மலிவானதை வாங்கிவர இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது மாங்கனீஸ்தான். 304-இல் அது 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 202-இல் 7.5 முதல் 10 வரை. இடைவெளி இவ்வளவு பெரிதாக இருப்பதால் கருவியின் சிறு பிழையால் முடிவு மாறாது. ஆகவே வாசகரின் கடிதம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். தங்களிடம் 304 கிரேடு என்று வாங்கிய 10 லிட்டர் மூடி டப்பாக்களில் புளிக்கரைசல், ஊறுகாய், மோர் வைக்க உள்ளோம். தகடு தயாரித்த ஆலையின் சோதனைச் சான்றிதழை, ஹீட் நம்பரும் மாங்கனீஸ், குரோமியம், நிக்கல் அளவுகளும் தெரியும்படி அனுப்பவும். டப்பாவின் ஐஎஸ்ஐ உரிம எண்ணையும், மூடியின் ரப்பர் வளையம் எந்தப் பொருளால் ஆனது என்பதற்கான சோதனை அறிக்கையையும் தரவும். இன்வாய்ஸில் கிரேடு எண்ணைக் குறிப்பிடவும். ஒரு டப்பாவை ஆய்வகத்தில் சோதித்து, மாங்கனீஸ் 2 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்."

ஹீட் நம்பர் என்பது உலையில் ஒரே தடவையில் உருக்கிய எஃகுக்குத் தரும் எண். சான்றிதழ் அந்த உருக்குக்கு மட்டும்தான் பொருந்தும். ஆனால் தகடு ஆலையை விட்டதும் சுருளாக வந்து, வட்டமாக வெட்டுபட்டு, அழுத்துபட்டு, பாலிஷ் ஆகி டப்பாவாவதற்குள் பல கைகள் மாறுகிறது. ஹீட் நம்பர் எழுதியிருந்த ஓரம் முதல் பட்டறையிலேயே போய்விடும். சான்றிதழில் குரோமியம் 18.1, நிக்கல் 8.05, மாங்கனீஸ் 1.2 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காகிதம் அசலாகவே இருக்கலாம். கையிலிருக்கும் டப்பா அந்தத் தகட்டில்தான் செய்ததா என்பதைக் காகிதம் சொல்லாது.

அதற்குத்தான் ஒரு டப்பாவை எக்ஸ்ஆர்எஃப் சோதனைக்குக் கொடுக்கச் சொல்கிறேன். துப்பாக்கி போன்ற கருவி எக்ஸ் கதிரைப் பாய்ச்சும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி உமிழும். சில நொடிகளில் அளவுகள் திரையில் வந்துவிடும். டப்பாவை வெட்ட வேண்டியதில்லை. நிக்கல் 1.0, மாங்கனீஸ் 9 என்று திரை காட்டினால் பேச்சு முடிந்தது. கார்பன், நைட்ரஜன் போன்ற இலேசான தனிமங்களை இந்தக் கருவி அளக்காது, ஆனால் இந்தத் தகராறுக்கு அவை தேவையில்லை. பல லட்சம் விலையுள்ள கருவிதான். மாவட்டத்துக்கு ஒன்று உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் இருந்தால் பாதி ஏமாற்று வேலை நின்றுவிடும் என்பது என் கருத்து.

ஐஎஸ்ஐ முத்திரை பற்றியும் ஒரு சொல். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐஎஸ் 14756 தரநிலைப்படி முத்திரை கட்டாயம் என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு ஆணை வெளியிட்டது. முத்திரையின் கீழ் CM/L என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை BIS Care செயலியில் போட்டால் யாருடைய உரிமம், இன்னும் செல்லுமா என்று தெரிந்துவிடும். ஆனால் நிக்கல் குறைந்த பாத்திரத் தகடுகளுக்கும் ஐஎஸ் 15997 என்று தனித் தரநிலை உண்டு. எனவே முத்திரை இருந்தாலே 304 என்று எடுத்துக்கொள்ள முடியாது. கிரேடு எண்ணைத் தனியாகக் கேட்க வேண்டும்.

நல்ல தகடாக இருந்தும் கைப்பிடி பற்றவைத்த இடத்தில் மட்டும் துரு வருவதுண்டு. பற்றவைப்பின் சூட்டில் நீலமும் பழுப்புமாக நிறம் மாறிய இடத்தில், மேல்தோலுக்கு அடியில் குரோமியம் குறைந்துபோயிருக்கும். அந்தக் கறையை அமிலப் பசையால் நீக்கிக் கழுவியிருக்க வேண்டும். வாங்கும்போது டப்பாவின் உள்பக்கத்தில் அந்த நிறம் தெரிந்தால் மாற்றிக் கேளுங்கள்.

சோதனையில் 202 என்று வந்துவிட்டால், வியாபாரி திருப்பி எடுக்காவிட்டாலும், டப்பாக்களைத் தூக்கிப் போட வேண்டாம். அரிசி, பருப்பு, மாவு போன்ற ஈரமில்லாத சாமான்களுக்கு அவை தாராளமாகப் போதும். உப்பும் புளிப்பும் சேர்ந்து இரவெல்லாம் ஊறும் சரக்குகளை மட்டும் 304-க்கோ, பீங்கான் ஜாடிக்கோ மாற்றிவிடுங்கள்.