வழுக்காத செருப்பு: தண்ணீர் விலக எவ்வளவு நேரம்?

ஐப்பசி மழையில் நனைந்த வாசல் டைல்ஸில் கால் வைக்கிறோம். குதிகால் தரையைத் தொட்ட முதல் பத்தில் ஒரு விநாடிக்குள், வழுக்குமா நிற்குமா என்பது பெரும்பாலும் முடிவாகிவிடும். அந்த நேரத்துக்குள் செருப்புக்கும் டைல்ஸுக்கும் நடுவே உள்ள தண்ணீர் வெளியேற வேண்டும். வெளியேறினால் அடிப்பாகம் தரையைப் பிடிக்கும். இல்லையென்றால் நாம் நிற்பது தண்ணீரின் மேல்தான்.

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர், அடிப்பக்கம் மழமழவென்று இருக்கும் செருப்பு போட்டிருக்கிறார். குதிகால் 5 செ.மீ. அகல வட்டம் என்று வைத்துக்கொள்வோம். பளபளப்பான டைல்ஸில் மேடுபள்ளம் மிகக் குறைவு. அதனால் தண்ணீர்ப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்கு மெலிந்தால்தான் அடிப்பாகம் தரையை ஒழுங்காகத் தொடும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே திரவம் பிதுங்கும் சமன்பாட்டில் இந்த எண்களைப் போட்டால், அதற்கு ஏறக்குறைய 0.4 விநாடி ஆகும் என்று வருகிறது. நமக்கு இருப்பது 0.1 விநாடி. சரி, அதே குதிகாலை 5 மி.மீ. அகலச் சிறு கட்டைகளாகப் பிரித்து, நடுவில் பள்ளம் விட்டால்? அழுத்தம் அதே என்றாலும் நேரம் 0.004 விநாடியாகக் குறைந்துவிடும். தண்ணீர் கடக்க வேண்டிய தூரம் பத்தில் ஒன்றானால், நேரம் நூறில் ஒன்றாகும். அடிப்பக்கத்துப் பள்ளங்களின் முக்கிய வேலையே இதுதான்.

அதனால் கடையில் செருப்பைத் திருப்பிப் பார்க்கும்போது, வடிவத்தின் அழகை விட்டுவிட்டுப் பள்ளங்கள் எங்கே போய் முடிகின்றன என்று பாருங்கள். அவை ஓரம் வரை ஓடித் திறந்திருக்க வேண்டும். தேன்கூடு போல நாலாபுறமும் மூடிய குழிகளில் தண்ணீர் நிறைந்தால் போக வழியில்லை. பல செருப்புகளில் நடுப்பாதத்தில் ஆழமாகச் செதுக்கிவிட்டு, குதிகாலின் பின்விளிம்பை வழவழப்பாக விட்டுவிடுகிறார்கள். நாம் முதலில் ஊன்றுவது அந்த விளிம்பில்தான், எனக்கு இது சுத்த அபத்தமாகத் தோன்றும்.

தண்ணீர் போன பிறகு பிடிப்பது பொருளின் வேலை. மென்மையான ரப்பர், டைல்ஸின் நுண்ணிய மேடுகளைச் சுற்றிப் படிந்துகொள்ளும். கெட்டியான பிளாஸ்டிக் அந்த மேடுகளின் உச்சியை மட்டும் தொடும். நகத்தால் அழுத்திப் பார்ப்பது ஓரளவு உதவும். ஆனால் எடையே இல்லாத ஈ.வி.ஏ. நுரைச் செருப்பும் நகத்துக்கு மெத்தென்றுதான் இருக்கும். உள்ளே காற்றுக் குமிழ்கள் இருப்பதால் அந்த மென்மை. வெளித்தோல் வழவழப்பாகவே இருக்கலாம். மழைக்கு என்றால் எடை கொஞ்சம் கூடினாலும் ரப்பர் அடி என் தேர்வு.

சந்தேகம் இருந்தால் பெட்டி எடை பார்க்கும் கைத் தராசு போதும். டைல்ஸை நனைத்து, செருப்பின் குதிகால் பக்கம் 2 கிலோ அரிசிப் பையை வைத்து, தராசின் கொக்கியை வாரில் மாட்டிக் கிடையாக இழுங்கள். நகரும்போது தராசு காட்டும் எடையை, செருப்பும் அரிசியும் சேர்ந்த எடையால் வகுத்தால் உராய்வுக் கெழு வந்துவிடும். மொத்தம் 2.3 கிலோ, தராசு 1.2 காட்டினால் 0.52, தராசு 0.5 காட்டினால் 0.22. சமதளத்தில் சாதாரணமாக நடக்கவே ஏறக்குறைய 0.2 தேவை, ஆகவே அதை மயிரிழையில் மட்டுமே தாண்டும் இரண்டாவது செருப்பு மழைக்கு ஆகாது. செருப்பை வைத்தவுடன் இழுங்கள். தாமதித்தால் தண்ணீர் மெல்ல விலகி, மோசமான செருப்புகூட நல்ல எண் காட்டும்.

பள்ளங்கள் கைவிடும் இடங்களும் உண்டு. சமையலறையில் தேங்காய் எண்ணெய் சிந்தியிருந்தால், அது தண்ணீரைவிட ஏறக்குறைய 50 மடங்கு பிசுபிசுப்பு. அதே சிறு கட்டைகளுக்கும் 0.2 விநாடி ஆகிவிடும். நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் நீரோடு குழைந்து இதே வேலையைச் செய்கின்றன. சாலையின் வெள்ளைக் கோட்டிலும் இரும்பு மூடியிலும் காலை வைக்காமல் கரடுமுரடான தார்ப் பரப்பிலேயே நடப்பது நல்லது. கொல்லைப்புறத்துப் பாசி இன்னொரு ரகம். அங்கே செருப்பு பாசியைப் பிடித்துக்கொள்ள, பாசியே தரையிலிருந்து வழுகிவிடும். அதற்குப் பிளீச்சிங் பவுடரும் தேய்ப்பு பிரஷும்தான், செருப்பு மாற்றிப் பயனில்லை.

அப்புறம் தேய்மானம். குதிகாலின் வெளிப்பக்கப் பின்மூலையில்தான் பெரும்பாலும் முதலில் தேயும். அங்கே 2 செ.மீ. அகலத்துக்குப் பள்ளமில்லாத வழவழப்பு வந்துவிட்டால், முன்பு போட்ட அதே கணக்கில் நேரம் 0.06 விநாடியாக ஏறிவிடும். இன்னும் கொஞ்சம் தேய்ந்தால் 0.1 விநாடியைத் தாண்டிவிடும். மேலே வாரும் நிறமும் புதிதுபோல இருந்தாலும், அந்த ஜோடியை மழை முடியும்வரை வீட்டுக்குள் போட்டுக்கொள்ள ஒதுக்கிவிடலாம், அதுவும் ஈரமில்லாத அறையில் மட்டும்.